லைனை நிறுத்தியவருக்குத் திட்டு விழவில்லை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஃப்ரீமான்ட் என்ற ஊர் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கார் ஆலையைத் திறந்தது. அந்த ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவருக்கு எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. என்ன நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது.

அசெம்பிளி லைன் எப்போதும் நகர்ந்துகொண்டிருக்கும். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு கார் தொழிலாளியின் முன்னால் வந்து நிற்காமல் கடந்து போகும். அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் தன் வேலையை முடிக்க வேண்டும். ஒரு போல்ட் மரையில் சரியாக ஏறவில்லை என்றால்? கார் போய்விடும். முன்பகுதி ஒரு மாடலாகவும் உடல் வேறொரு மாடலாகவும் சேர்ந்து வந்தால்? அதுவும் போய்விடும். அப்படிப்பட்ட கார்களைத் தாங்களே பார்த்ததாக அங்கே வேலை செய்தவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். பழுதோடு வந்த கார்கள் ஆலைக்கு வெளியே முற்றத்தில் வரிசையாக நிற்கும். இன்னொரு கூட்டம் அவற்றைப் பிரித்துச் சரிசெய்யும்.

அந்த ஃபோர்மேன் ஏன் கத்தினார் என்று கேட்டால், அவருடைய குணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தால் வேறு காரணம் தெரியும். மாலையில் மேலதிகாரி அவரிடம் கேட்கப்போவது எத்தனை கார் வந்தது என்ற ஒரே கேள்விதான். காலையில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரவில்லை. வந்தவர்களில் சிலர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். திங்கள்கிழமைகளில் எதிரே இருந்த மதுக்கடையிலிருந்து ஆட்களை அழைத்துவந்து லைனில் நிறுத்தியதாகக்கூடப் பழைய தொழிலாளர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இந்த நிலையில் லைனை ஓட்டிக் காட்ட அவர் கையில் இருந்த கருவிகள் இரண்டு: குரல், தண்டனை நோட்டீஸ்.

தொழிலாளர்களும் தங்கள் பங்குக்குப் பதில் சொன்னார்கள். முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தங்கள் நடந்தன. யூனியன் வழியாக ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. கார் கதவுக்குள் காலி குளிர்பான பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். வாங்கியவர் ஓட்டும்போது அது கடகடவென்று சத்தம் போடும், எங்கிருந்து வருகிறது என்று கடைசிவரை தெரியாது. 1982ல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஆலையை மூடியது.

அதே ஆட்கள், அதே கட்டடம்

அடுத்து நடந்ததுதான் தொழில் நிர்வாகம் படிக்கிறவர்கள் இன்றுவரை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் கதை. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் கார் தயாரித்துப் பழக விரும்பியது. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சிறிய கார்களை லாபத்தோடு செய்யும் வித்தை வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து மூடிக்கிடந்த ஃப்ரீமான்ட் ஆலையை எடுத்தன. புதிய நிறுவனத்துக்கு நம்மி என்று பெயர். ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுக்கு. 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது.

வேலைக்கு எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பழைய ஆலையில் இருந்தவர்கள்தான். யூனியனும் அதே ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம். ஆட்களும் கட்டடமும் மாறாத நிலையில், 1986க்குள் அந்த ஆலையின் தரம் ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் டகாவ்கா ஆலைக்கு ஏறக்குறைய சமமாக வந்துவிட்டது. ஒரு காருக்குச் செலவாகும் உழைப்பு நேரம் பழைய ஃப்ரீமான்ட் ஆலையில் ஆனதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஐந்தில் ஒருவர் வராமல் இருந்த இடத்தில், வராதவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் என்றானார்கள்.

இந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல. இரண்டு ஆண்டு வேலையின்றி இருந்த அனுபவம் தொழிலாளர்கள் மனதில் இருந்தது. காரின் வடிவமைப்பே தயாரிக்க எளிதாக இருந்தது. ஆனால் லைனில் நின்றவர்களைக் கேட்டால் முதலில் சொன்னது தங்கள் தலைக்கு மேல் நின்ற ஆளைப் பற்றித்தான். அவர் நடந்துகொள்ளும் விதம் மாறியிருந்தது.

அது தானாக மாறவில்லை. டீம் லீடர்கள், குரூப் லீடர்கள் என்று சுமார் 450 பேரை டொயோட்டா ஜப்பானுக்கு அனுப்பியது. டகாவ்கா ஆலையில் மூன்று வாரம் வகுப்பறைப் பாடமும் லைனில் நேரடி வேலையும். அங்கே அவர்கள் கண்ட காட்சி எளிமையானது. வேலையில் பின்தங்கிய ஒரு தொழிலாளி தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கிறார். உடனே ஒருவர் வந்து உதவுகிறார். யாரும் யாரையும் திட்டவில்லை. லைனை நிறுத்தினால் வேலை போய்விடும் என்று இருபது வருடம் பழகியவர்களுக்கு அதை நம்புவதே கடினமாக இருந்தது.

கயிறு இழுத்த பிறகான ஒரு நிமிடம்

அந்தக் கயிற்றையும் அதோடு சேர்ந்த விளக்குப் பலகையையும் ஆண்டான் என்பார்கள். நம்மி ஆலையில் ஐந்து முதல் ஏழு பேர் ஒரு டீம். அவர்களுக்கு ஒரு டீம் லீடர். அவர் யூனியன் உறுப்பினர், லைனில் உள்ள எல்லா வேலையும் செய்யத் தெரிந்தவர். நான்கு டீம்களுக்கு ஒரு குரூப் லீடர். நம் ஊர்க் கணக்கில் அவர்தான் சூப்பர்வைசர், நிர்வாகத்தின் முதல் படி.

ஒவ்வொரு தொழிலாளியின் வேலை எல்லையும் தரையில் கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்கும். கார் அந்த எல்லைக்குள் நுழையும்போது வேலை தொடங்கி, எல்லையைத் தாண்டும் முன் முடிய வேண்டும். சீட்டைத் தரையோடு இணைக்கும் நான்கு போல்ட்களில் ஒன்று மரையில் கோணலாக ஏறி மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி கயிற்றை இழுக்கிறார். பலகையில் அவருடைய இடத்தின் எண்ணுக்கு நேரே மஞ்சள் விளக்கு எரிகிறது, இசை ஒலிக்கிறது. லைன் இன்னும் நிற்கவில்லை. டீம் லீடர் ஓடி வருகிறார். கார் எல்லைக் கோட்டை எட்டுவதற்குள் இருவரும் சேர்ந்து போல்ட்டைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டால், டீம் லீடர் கயிற்றை மறுபடி இழுப்பார். விளக்கு அணையும், லைன் ஓட்டம் தடைபடாது. முடியாமல் போனால் கார் கோட்டை எட்டியதும் லைன் நின்றுவிடும். விளக்கு சிவப்பாகும். குரூப் லீடரும் வந்துவிடுவார்.

கேட்டு நடத்துவதற்கும் கத்தி நடத்துவதற்கும் உள்ள வித்தியாசம் வந்து நிற்பவரின் முதல் கேள்வியில் இருக்கிறது. “யாருய்யா நிறுத்தினது?” என்று கேட்டால் அடுத்த முறை அந்தக் கயிற்றை யாரும் தொட மாட்டார்கள். கோணல் போல்ட்டை ஏர் கன்னால் அழுத்தி ஏற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள். மரை போயிருக்கும், ஆனால் வெளியே தெரியாது. “என்ன ஆச்சு, எங்க மாட்டுச்சு?” என்று கேட்டால் அந்த ஆள் பேசுவார். “இன்னிக்குக் காலையிலிருந்து இந்தப் பெட்டியில் வர்ற போல்ட்தான் இப்படி மாட்டுது, நேத்து வந்தது சரியா இருந்துச்சு.” இந்த ஒரு வாக்கியம் எந்த அறிக்கையிலும் இருக்காது. கையில் போல்ட்டைப் பிடித்தவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி இது.

சூப்பர்வைசர் அந்தப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு வேறு பெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறார். அது உடனடி வேலை. பிறகு ஏன் என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டு போகிறார். போல்ட் ஏன் கோணலாக ஏறுகிறது? நுனி மழுங்கியிருக்கிறது. ஏன் மழுங்கியது? சப்ளை செய்தவரிடம் அந்தத் தொகுதி மாறியிருக்கிறது. ஏன் நம்மிடம் வரும்போது யாரும் கவனிக்கவில்லை? இப்படித் தேடிப் போகும்போது கேள்வி ஆளை விட்டுவிட்டு வேலை நடக்கும் முறையைப் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் ஷிப்ட் தொடங்கும் முன் நடக்கும் சிறு கூட்டத்தில் அந்தத் தொழிலாளிக்கு முடிவைச் சொல்கிறார். பெட்டி திருப்பி அனுப்பப்பட்டது, இன்றிலிருந்து புதுத் தொகுதி வரும்.

இந்தக் கடைசிப் படியைத்தான் பல சூப்பர்வைசர்கள் விட்டுவிடுகிறார்கள். கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், சரியும் செய்தார்கள். ஆனால் சொன்னவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. சொன்னவருக்கு அது காற்றில் போன பேச்சு. இரண்டாவது முறை அவர் வாய் திறப்பது சந்தேகம்.

கேட்பதற்கும் பாடத்திட்டம் உண்டு

கேட்கும் பழக்கம் ஜப்பானியருக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைக்க வேண்டாம். அதன் ஒரு வேர் அமெரிக்காவிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளில் அனுபவமுள்ள ஆட்கள் போர்முனைக்குப் போய்விட, புதிதாக லட்சக்கணக்கானோர் வேலைக்கு வந்தார்கள். அவர்களை நடத்த வேண்டிய சூப்பர்வைசர்களும் புதியவர்கள். அரசு டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி என்ற திட்டத்தை 1940ல் தொடங்கியது. சானிங் டூலி, வால்டர் டீட்ஸ் ஆகியோர் அதை நடத்தினார்கள். அதில் ஒரு பிரிவு ஜாப் ரிலேஷன்ஸ். இரண்டு மணி நேரம் கொண்ட ஐந்து வகுப்புகள், மொத்தம் பத்து மணி நேரம். ஒரு வகுப்பில் சுமார் பத்து சூப்பர்வைசர்கள். ஒவ்வொருவரும் தன் ஆலையில் உண்மையாகவே நடந்த ஓர் ஆள் பிரச்சினையை எடுத்துவந்து எல்லோர் முன்னிலையிலும் அலச வேண்டும். போருக்குப் பிறகு இந்தப் பயிற்சி ஜப்பானுக்குப் போனது. 1950களின் தொடக்கத்தில் டொயோட்டா அதை எடுத்துக்கொண்டது. முப்பது வருடம் கழித்து ஃப்ரீமான்ட் ஆட்கள் ஜப்பானில் கற்றவற்றில் கொஞ்சம், தங்கள் நாடு மறந்துபோன பாடம்.

பயிற்சி முடித்தவர் கையில் சட்டைப்பையில் வைக்கும் அளவுக்கு ஒரு சிறு அட்டை கொடுத்தார்கள். அதில் நான்கு படிகள். விவரங்களைத் திரட்டு. எடைபோட்டு முடிவு செய். செயல்படு. விளைவைப் பார். முதல் படிக்குக் கீழே ஆவணத்தைப் பார், எந்த விதி பொருந்தும் என்று பார், சம்பந்தப்பட்டவர்களிடம் பேசு, அவர்களின் கருத்தையும் மனநிலையையும் தெரிந்துகொள் என்று எழுதியிருந்தது. முழுக் கதையும் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள் என்பது அதன் எச்சரிக்கை.

மனநிலையை அறிவது எப்படி என்பதற்கும் வகுப்பில் தெளிவான குறிப்புகள் இருந்தன. வாதிடாதே. அவருக்கு எது முக்கியமோ அதைப் பேச விடு. குறுக்கிடாதே. அவசரப்பட்டு முடிவுக்கு வராதே. நீயே பேசிக்கொண்டிருக்காதே. எல்லாமே ஒரு கூச்சல்கார ஃபோர்மேன் தினமும் செய்யும் காரியங்களுக்கு நேர் எதிர்.

ஓர் உதாரணத்தை அந்த அட்டைப்படி நடத்திப் பார்க்கலாம். ஆறு வருடமாக ஒழுங்காக வேலைக்கு வரும் ஒருவர் கடந்த இரண்டு மாதத்தில் ஐந்து திங்கள்கிழமை வரவில்லை. சூப்பர்வைசருக்கு முதலில் தோன்றுவது, ஞாயிற்றுக்கிழமை குடித்திருப்பான் என்பதுதான். கையில் எச்சரிக்கைக் கடிதம் தயார்.

அட்டை முதலில் ஆவணத்தைப் பார்க்கச் சொல்கிறது. பார்த்தால் ஆறு வருடத்தில் இதற்கு முன் மொத்தமாகவே நான்கைந்து நாள்தான் விடுப்பு. ஆக, ஏதோ புதிதாக நடந்திருக்கிறது. அடுத்து ஆளிடம் பேச வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் லைனில் வைத்துக் கேட்டால் “உடம்பு சரியில்லை” என்ற ஒரு பதில்தான் வரும். ஷிப்ட் முடிந்தபின் தனியாக உட்கார வைத்து, “சில திங்கள் வர முடியலைன்னு பார்த்தேன். வீட்டுல எப்படிப் போகுது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மௌனம் இருவரையும் சங்கடப்படுத்தும். அதைக் கேள்வி போட்டு நிரப்பாமல் விட்டால் அவர் பேசுவார். மனைவிக்கு மருத்துவமனையில் ஞாயிறு இரவு டூட்டி மாறியிருக்கிறது. திங்கள் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட ஆள் இல்லை. இதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம்.

இரண்டாவது படியில் வழிகளை எடைபோட வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தால் திங்கள்கிழமை பிரச்சினை அப்படியே இருக்கும். நல்ல ஆளையும் இழக்கலாம். ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொன்னால் லைனில் அவர் இடம் காலியாக நிற்கும், மற்றவர்கள் சுமக்க வேண்டிவரும். மாலை ஷிப்ட்டில் உள்ள ஒருவர் காலைக்கு மாற விரும்பினால் இருவரையும் மாற்றிவிடலாம். இந்த மூன்றாவது வழியில் யூனியன் விதி என்ன சொல்கிறது, மற்ற டீம் ஆட்களுக்கு இது பாரபட்சமாகத் தோன்றுமா என்பதையும் பார்க்க வேண்டும். முடிவு செய்து நடைமுறைப்படுத்தியதும் வேலை முடியவில்லை. ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். அவர் வருகிறாரா, மாறிவந்தவர் வேலையைப் பிடித்துக்கொண்டாரா, டீமில் முணுமுணுப்பு இருக்கிறதா?

இந்த உதாரணத்தில் சூப்பர்வைசர் விட்டுக்கொடுத்தது எதுவும் இல்லை. வேலைக்கு வர வேண்டும் என்ற விதி அப்படியே நிற்கிறது. உண்மையிலேயே குடித்துவிட்டுத்தான் வராமல் இருந்தார் என்று தெரியவந்திருந்தால், அதே நான்கு படிகள் எச்சரிக்கைக் கடிதத்தில்கூடப் போய் முடிந்திருக்கும். ஊகத்தின் பேரில் தண்டிக்காமல், தெரிந்துகொண்டு முடிவெடுத்தார் என்பதே மாற்றம்.

கேட்பது என்றால் தளர்வா?

கத்தாவிட்டால் வேலை நடக்காது என்று நம்புகிறவர்களுக்கு நம்மி ஆலையின் ஒரு கணக்கைக் காட்ட வேண்டும். அந்த ஆலையை நேரில் ஆராய்ந்த பால் ஆட்லர் 1993ல் எழுதினார்: பழைய ஆலையில் தொழிலாளி ஒரு நிமிடத்தில் சுமார் 45 வினாடி வேலை செய்தார், நம்மியில் சுமார் 57 வினாடி. கத்தல் குறைந்தபோது வேலை கூடியது.

காரணம், வேலையை எந்த வரிசையில் எப்படிச் செய்வது என்று எழுதும் உரிமை மாறியிருந்தது. பழைய ஆலையில் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு வரும் எஞ்சினியரைப் பார்த்தாலே தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்கள். வேகமாகச் செய்தால் வேலையைக் கூட்டிவிடுவார் என்ற பயம். நம்மியில் அந்த ஸ்டாப்வாட்ச் டீமின் கைக்கே வந்தது. ஒருவர் செய்ய மற்றவர் நேரம் எடுத்து, எந்த வரிசை எளிது, எது பாதுகாப்பு என்று பேசி, தாங்களே எழுதினார்கள். சூப்பர்வைசரின் வேலை அதைக் கேட்டு, சரிபார்த்து, தேவையான கருவியைப் பெற்றுத் தருவது. 1991ல் தொழிலாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகளைத் தந்தார்கள். அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் நடைமுறைக்கு வந்தன என்று ஆட்லர் குறிப்பிடுகிறார்.

யோசனை சொல்ல ஒரு பயமும் நீங்க வேண்டும். மூன்று பேர் செய்யும் வேலையை இரண்டு பேரால் செய்யலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னால் மூன்றாவது ஆள் வீட்டுக்குப் போக வேண்டிவரும் என்றால் யார் சொல்வார்கள்? நம்மி ஒப்பந்தத்தில், நிறுவனத்தின் நிலைமை மிக மோசமானால் ஒழிய ஆட்குறைப்பு இல்லை, அதற்கு முன் நிர்வாகிகளின் சம்பளம் குறையும் என்று எழுதியிருந்தார்கள். 1988ல் அங்கே செய்த ஷெவ்ரலே நோவா கார் சரியாக விற்கவில்லை. ஆலை தன் திறனில் 60 சதவீதம் அளவுக்குத்தான் ஓடியது. அப்போதும் யாரையும் வெளியே அனுப்பவில்லை. வேலை இல்லாதவர்களைப் பயிற்சியிலும் ஆலையைச் சீர்படுத்தும் வேலைகளிலும் வைத்தார்கள். சூப்பர்வைசர் காது கொடுத்ததற்குப் பின்னால் இப்படி ஒரு வாக்கு நின்றது.

நகல் எடுத்தவர்கள் எங்கே தவறினார்கள்

இந்த வெற்றியைத் தன் மற்ற ஆலைகளிலும் கொண்டுவர ஜெனரல் மோட்டார்ஸ் முயன்றது. மேலிடத்திலிருந்து வந்த ஓர் உத்தரவைப் பற்றி டொயோட்டா முறையை ஆராய்ந்த பேராசிரியர் ஜெஃப்ரி லைக்கர் சொல்லியிருக்கிறார். நம்மி ஆலையின் ஒவ்வோர் அங்குலத்தையும் கேமராவில் படம் பிடித்து வந்து, படத்தில் உள்ளபடியே நம் ஆலையை மாற்று என்பதுதான் அந்த உத்தரவு. கயிறும் விளக்கும் படத்தில் விழுந்தன. இழுத்தவரிடம் வந்து நின்றவர் என்ன கேட்டார் என்பது விழவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் அருகே உள்ள வான் நைஸ் ஆலையில் டீம் முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கே தொழிலாளர்களில் பலர் இதை யூனியனை உடைக்கும் தந்திரமாகப் பார்த்தார்கள். ஃப்ரீமான்ட்டைப் போல அந்த ஆலை ஒருமுறை மூடித் திறக்கப்பட்டதும் இல்லை. சூப்பர்வைசர்களுக்கும் இது பிடிக்கவில்லை. அதிகாரம் போகிறது என்பது ஒரு காரணம். அவர்களை அளந்த அளவுகோல் பழையதாகவே இருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம். எத்தனை கார் வந்தது என்று கேட்கும் மேலதிகாரிக்குக் கீழே, லைனை நிறுத்தியவரிடம் அமைதியாகப் பேசும் சூப்பர்வைசர் அதிக நாள் தாக்குப்பிடிக்க மாட்டார். 1992ல் வான் நைஸ் ஆலை மூடப்பட்டது.

நம்மியும் தவறியது உண்டு. 1993 மாடலுக்கு லைனை மாற்றியபோது நேரம் குறுகலாக இருந்தது. புதிய வேலை முறைகளால் கை, தோள், முதுகு வலி என்று தொழிலாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு போதிய வேகத்தில் மேலே ஏறவில்லை. அந்த ஆண்டு கலிபோர்னியாவின் தொழில் பாதுகாப்புத் துறை ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்தது. சூப்பர்வைசர் கேட்டாலும், உற்பத்தி தொடங்கும் தேதிதான் எல்லாவற்றுக்கும் மேல் என்று நிர்வாகம் நடந்துகொண்டால், கேட்ட செய்தி அவரிடமே தங்கிவிடும் என்பதற்கு இது சாட்சி. 1995ல் புதிய டிரக் மாடலைக் கொண்டுவரும்போது பாடம் கற்றிருந்தார்கள். உடல் சிரமத்தை அளந்து பார்க்கப் பயிற்சி பெற்றவர்களையும் லைன் தொழிலாளர்களையும் முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு வேலையையும் சோதித்தார்கள்.

ஆலை மூடப்படுவதைக் கேட்கும் பழக்கத்தால் தடுக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009ல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. டொயோட்டாவும் தனியாக நடத்த விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1ஆம் தேதி கடைசி கொரோலா கார் வெளியே வந்தது. அந்தக் கட்டடத்தை டெஸ்லா வாங்கியது.

ஒரு சூப்பர்வைசர் தன்னை எப்படிச் சோதிப்பது

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள வாகன ஆலைகளில் ஆண்டான் விளக்கு இன்று பழகிய பொருள். விளக்கு இருப்பதால் அங்கே யாரும் கேட்கிறார்கள் என்று ஆகிவிடாது. அதைத் தெரிந்துகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு.

முதலாவது, கயிறு எத்தனை முறை இழுக்கப்படுகிறது என்பது. ஒரு ஷிப்ட் முழுக்க ஒருமுறைகூட யாரும் இழுக்கவில்லை என்றால் பல சூப்பர்வைசர்கள் மகிழ்வார்கள். அப்போதுதான் கவலைப்பட வேண்டும். நூற்றுக்கணக்கான கார்கள் போகும் லைனில் ஒரு போல்ட்டும் மாட்டாமல் இருக்க வழியில்லை. மாட்டியதை மறைத்து அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். கடைசிச் சோதனையில் பழுதின் எண்ணிக்கை குறையாமல் கயிறு மட்டும் அமைதியாக இருந்தால் சந்தேகமே இல்லை.

இரண்டாவது, கெட்ட செய்தி யார் வாயிலிருந்து முதலில் வருகிறது என்பது. தன் லைனில் நடந்த தவறு தரப் பரிசோதகர் வழியாகவோ மேலதிகாரி வழியாகவோதான் சூப்பர்வைசருக்குத் தெரியவருகிறது என்றால், அவருடைய ஆட்கள் அவரிடம் பேசுவதை நிறுத்தி நாளாகிவிட்டது.

மூன்றாவது, காலைக் கூட்டம். பத்து நிமிடக் கூட்டத்தில் சூப்பர்வைசர் ஒன்பது நிமிடம் டார்கெட் பற்றிப் பேசினால் அது அறிவிப்பு. நேற்று யார் என்ன சொன்னார், அது என்ன ஆனது என்பதில் அவர் தொடங்கட்டும். முடிந்ததை முடிந்தது என்றும், முடியாததை ஏன் முடியவில்லை என்றும், பராமரிப்புப் பிரிவிடமோ சப்ளையரிடமோ எந்தத் தேதிக்குப் பதில் கேட்டிருக்கிறேன் என்றும் பெயர் சொல்லிச் சொல்லட்டும். கேட்ட எல்லாவற்றையும் அவரால் செய்துகொடுக்க முடியாது. பல விஷயங்கள் அவர் கையில் இல்லை என்பது தொழிலாளர்களுக்கும் தெரியும். அவர்கள் எதிர்பார்ப்பது, சொன்னதற்கு ஒரு பதில். அது இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால், கூட்டத்தின் பின்வரிசையில் எப்போதும் பேசாமல் நிற்பவரும், காற்றுக் குழாய் கசிவதால் தன் ஏர் கன் மத்தியானத்துக்கு மேல் வலு இழப்பதைச் சொல்லத் தொடங்குவார்.